ஒலிப்பதிவிலிருந்து முன்னேற்றக் குறிப்பு: மாணவரை எடைபோடாமல் எழுதுவது எப்படி?

பள்ளியில் ஒரு மாணவியுடன் ஆலோசனை அமர்வு முடிந்த கையோடு, ஞாபகத்திலிருந்து ஒரு வரி எழுதி வைத்தேன்: "தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்துவிட்டாள்." மாலையில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். 11:40-இல் கேள்வி. நான்கு விநாடி அமைதி. உடனே நானே, "சரி, அதை விடு" என்று அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கிறேன். அவள் மறுக்கவே இல்லை. வாய் திறக்க நான்தான் இடம் கொடுக்கவில்லை.

பள்ளி ஆலோசகர்கள் ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் எழுதும் முன்னேற்றக் குறிப்பை ஒலிப்பதிவை வைத்து எழுதுவதில் உள்ள பெரிய லாபம் இதுதான். ஞாபகம் மாணவரைத்தான் குறை சொல்லும். பதிவில் நம் பங்கும் கேட்கும். ஆனால் பதிவு இருந்தால் மட்டும் குறிப்பு நேர்மையாகிவிடாது, ஏனென்றால் 40 நிமிடப் பேச்சை ஒரு பக்கமாகச் சுருக்கும்போது எதை எடுக்கிறோம், எந்த வினைச்சொல்லால் எழுதுகிறோம் என்பதில் நம் தீர்ப்பு நுழைந்துவிடுகிறது. ஒரே ஒரு அமர்வை எடுத்துக்கொண்டு, கேட்பதிலிருந்து பதிவை அழிப்பது வரை போகலாம். இங்கே வரும் மாணவி ஒரே ஆள் அல்ல. யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில அமர்வுகளைக் கலந்து அமைத்திருக்கிறேன்.

கேட்பதற்கு முன்

பதிவு செய்ய மாணவரும், விதிகள் கேட்கும் இடத்தில் பெற்றோரும், சம்மதம் தந்திருக்க வேண்டும். எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்ற மூன்றும் அந்தச் சம்மதத்தில் இருக்க வேண்டும். பதிவின் தொடக்கத்திலேயே இதை மாணவரிடம் ஒருமுறை சொல்லி, அவர் "சரி" என்பதும் பதிவாகியிருப்பது நல்லது. நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொன்னதைக் குறிப்பில் ஒரு குறையாக எழுதவும் கூடாது.

செல்போனில் பதிவு செய்பவர்கள் ஒரு விஷயத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பல போன்களில் பதிவான கோப்பு தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடும். அதை முன்கூட்டியே அணைத்து வையுங்கள். கோப்பின் பெயரிலும் மாணவரின் பெயர் வேண்டாம், தேதியும் ஒரு குறியீடும் போதும். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறு இடத்தில் பூட்டியிருக்கட்டும்.

அப்புறம், அமர்வு முடிந்ததும் மாணவர் அறையை விட்டுப் போன முதல் பத்து நிமிடத்தில் கண்ணால் பார்த்ததை எழுதிவிடுங்கள். ஒலிப்பதிவுக்கு முகம் கிடையாது. தலையைக் குனிந்தது, பையின் வாரை விரலில் சுற்றியது, சிரித்தபடி கண் கலங்கியது எல்லாம் மறுநாளைக்குள் மங்கிவிடும். மங்கிய இடத்தை நாமே கற்பனையால் நிரப்பிவிடுவோம்.

இன்னொரு தாளும் எனக்குத் தேவைப்படும். அதில் என் எரிச்சல், என் ஊகம், "இவளுக்குத் திமிர்தான்" என்ற முதல் நினைப்பு என எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். ஆசிரியர் அனுப்பிய சீட்டில் "திமிர், வகுப்பில் தூங்குகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள்" என்று இருந்தது. அந்தச் சொற்கள் நான் அறைக்குள் நுழையும் முன்பே என் காதில் ஏறிவிட்டன. அவற்றைத் தாளில் பார்த்தால்தான் குறிப்பில் அவை தலை நீட்டும்போது அடையாளம் தெரியும். இந்தத் தாளில் பெயரோ குறியீடோ போடுவதில்லை. குறிப்பு எழுதி முடித்ததும் கிழித்துவிடுவேன். ஆனால் விசாரணை ஏதாவது தொடங்கிவிட்டால், அல்லது யாராவது ஆவணங்களை முறைப்படி கேட்டுவிட்டால், எந்தத் தாளையும் எந்தப் பதிவையும் அழிக்கக் கூடாது.

இரண்டு முறை கேளுங்கள், முழுவதையும் எழுத வேண்டாம்

பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதினால் இந்த அமர்வின் 38 நிமிடப் பேச்சுக்கு அரை நாள் போய்விடும். அதோடு மாணவரின் தனிப்பட்ட பேச்சு இன்னொரு வடிவத்திலும் கையில் தங்கிவிடும். எனவே முதல் முறை நிறுத்தாமல் கேளுங்கள். கையில் பென்சில், தாளில் நேரம் மட்டும். நேரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து: மாணவர் முக்கியமாக ஏதோ சொன்னால் "சொ", அமைதி, அழுகை, குரல் மாற்றம் போன்றவற்றுக்கு "க" (கவனித்தது), நான் ஏதாவது செய்தால் அல்லது வாக்குக் கொடுத்தால் "நா". பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதற்கும் சுற்றி ஒரு வட்டம்.

இரண்டாம் முறை, குறித்த இடங்களுக்கு மட்டும் போங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் முன்னாலிருந்து தொடங்குங்கள். இந்த அரை நிமிடத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். மாணவர் சொன்னதற்கு முன் நாம் என்ன கேட்டோம், எந்தக் குரலில் கேட்டோம் என்பது அங்கேதான் இருக்கும். "ஆமா" என்ற பதிலை மட்டும் எடுத்து எழுதினால், அது மாணவர் தானாகச் சொன்னதா, நாம் வாயில் வைத்துக் கொடுத்ததா என்று பிற்பாடு தெரியாது.

இந்த அமர்வில் நான் எடுத்த இடங்கள் இவை. "ஆ" நான், "மா" மாணவி.

11:40 ஆ: ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?
(4 விநாடி அமைதி)
11:46 ஆ: சரி, அதை விடு. கிளாஸ்ல என்ன நடந்துச்சு?
11:52 மா: அவங்க எல்லார் முன்னாடியும் "வீட்டுல தூங்க மாட்டியா"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் பதிலுக்கு ஏதோ சொல்லிட்டேன்.
19:05 மா: அம்மாவுக்கு நைட் டியூட்டி. தம்பி ஒரு மணிக்கு மேலதான் தூங்குவான். அவனை விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?
26:30 மா: சில நேரம் எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது போயிடலாம்னு தோணும், மிஸ்.
26:41 ஆ: போயிடலாம்னா, செத்துப்போயிடலாம்ங்கிற மாதிரி நினைப்பா?
26:52 மா: இல்ல மிஸ். சாகணும்னு இல்ல. ஒரு நாள் முழுக்கத் தூங்கணும், அவ்வளவுதான்.
27:05 ஆ: உன்னை நீயே காயப்படுத்திக்கணும்னு எப்பவாவது நினைச்சிருக்கியா?
27:12 மா: இல்ல.

38 நிமிடத்தில் குறிப்புக்குத் தேவையானது பெரும்பாலும் இவ்வளவுதான். மற்ற நேரத்தில் வகுப்புத் தோழிகளின் சண்டை, ஓர் ஆசிரியரைப் பற்றிய கிண்டல், ஒரு நடிகரைப் பற்றிய பேச்சு. அவையெல்லாம் அவள் என்னோடு இயல்பாகப் பழக உதவின. அதற்காகக் குறிப்பில் ஏற வேண்டியதில்லை.

நான்கு பெட்டிகள்

எடுத்ததை நான்காகப் பிரியுங்கள். மாணவர் சொன்னது. நான் கண்டது, கேட்டது. நான் நினைப்பது. அடுத்து செய்ய வேண்டியது. மருத்துவத்திலும் ஆலோசனையிலும் புழங்கும் குறிப்பு வடிவங்கள் பலவற்றுக்கு அடியில் இந்தப் பிரிவினைதான் இருக்கிறது. பெயர் எதுவானாலும் காக்க வேண்டியது ஒன்றே: மூன்றாவது பெட்டியில் இருக்க வேண்டியது முதல் இரண்டில் கசியக் கூடாது.

"கோபமாக இருந்தார்" என்பதை எங்கே போடுவீர்கள்? பலரும் இரண்டாவதில் போடுவார்கள். கோபத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. குரல் உயர்ந்ததைக் கேட்கலாம், நாற்காலி பின்னால் இழுபட்ட சத்தத்தைக் கேட்கலாம். "வகுப்பு நிகழ்ச்சியைச் சொன்னபோது குரல் உயர்ந்தது, பேச்சின் வேகம் கூடியது" என்பது இரண்டாவது பெட்டி. "அவமானமாக உணர்ந்திருக்கலாம்" என்பது மூன்றாவது. மாணவரே "எனக்குக் கோபம் வந்துச்சு" என்று சொன்னால் அது முதல் பெட்டி. அப்போது அவருடைய சொல்லிலேயே எழுதிவிடலாம்.

மூன்றாவது பெட்டி இருக்கவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணிப்பே இல்லாத குறிப்பை அடுத்த அமர்வுக்கு எடுத்துப்போனால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. கணிப்பு இருக்கட்டும், ஆனால் எதை வைத்து நினைக்கிறேன், வேறு என்னவாக இருக்கலாம் என்ற இரண்டும் அதே வரியில் வரட்டும். நோயின் பெயர் வேண்டாம். தகுதியுள்ள ஒருவர் கண்டறிந்து சொல்லாதவரை "டிப்ரஷன்" என்ற சொல் என் குறிப்பில் வராது. எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எதில் ஆர்வம் குறைந்தது என்று மாணவர் சொன்னதுதான் வரும்.

சொற்களைச் சலிப்பது

"திமிர்", "சோம்பேறி", "பொய்" போன்றவற்றை யாரும் சுலபமாகக் கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள். நழுவிப் போவது வினைச்சொற்கள். "தூங்கியதை ஒப்புக்கொண்டாள்" என்றால் தூங்கியது குற்றமாகிவிட்டது. "சமாளித்தாள்" என்றால் உள்ளே பொய் இருக்கிறது. "புலம்பினாள்" என்றால் காரணம் சின்னது. "வாதிட்டாள்" என்றால் எதிரில் நான் நீதிபதி. இவை எல்லாவற்றுக்கும் பதிலாகச் "சொன்னார்" என்ற ஒரே சொல் போதும். பத்து வரியிலும் "சொன்னார்" வந்தால் நடை சலிப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும், இது சிறுகதை இல்லை.

அதைவிட நுணுக்கமானவை நம் மொழியின் ஒட்டுகள். "அம்மாவுக்கு இரவு வேலையாம்" என்று பேச்சில் சொன்னால் கேட்டதைச் சொல்கிறோம், அவ்வளவுதான். குறிப்பில் எழுதினால் அந்த "ஆம்" நம்பாத குரலாகிவிடுகிறது. "சொல்லிக்கொள்கிறாள்" என்பதும் அப்படியே. "ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை" என்பதில் "கூட" குறை சொல்கிறது. "மறுபடியும் தூங்கினாள்", "வழக்கம்போல", "இன்னமும்" எல்லாம் முந்தைய அமர்வுகளின் அலுப்பை ஒரே சொல்லில் இறக்கிவைக்கின்றன. எண்ணிக்கை தெரிந்தால் எண்ணிக்கையை எழுதுங்கள், தெரியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

விகுதியையும் பாருங்கள். "ஆசிரியர் கேட்டார், இவள் கத்தினாள்" என்ற வாக்கியத்தில் யார் பக்கம் நியாயம் என்று இலக்கணமே முடிவு செய்துவிட்டது. பேச்சில் எனக்கு அவள் அவள்தான், இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதுகிறேன். குறிப்பில் மட்டும் பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரே "ஆர்" விகுதி. எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும்: "மாணவி கத்தினார்" என்று எழுதக் கை வராது, தானாகவே "குரலை உயர்த்திப் பேசினார்" என்று மாறிவிடும்.

புகழ்ச்சியும் தீர்ப்புதான். "பொறுப்பான பெண்" என்று இன்று எழுதினால், அடுத்த மாதம் வீட்டுப்பாடம் எழுதாமல் வரும்போது அந்தச் சொல் அவளை எடைபோடும். "இன்று மனம் திறந்து பேசினாள்" என்பதில், போன தடவை மறைத்தாள் என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. "தம்பி தூங்கும்வரை தான் விழித்திருப்பதாகச் சொன்னார்" என்றால் பொறுப்பு தானாகத் தெரியும், நாம் சான்றிதழ் தர வேண்டாம்.

அமைதிக்குப் பதிவு பெரிய உதவி. "பேச மறுத்தார்" என்று எழுதும் முன், எத்தனை விநாடி, அதை முடித்து வைத்தது யார் என்று பாருங்கள். என் வரி இப்படி மாறியது: "தூங்கும் நேரம் பற்றிக் கேட்டேன், 4 விநாடிக்குப் பின் நானே பேச்சை மாற்றினேன்."

மென்மையாக்கக் கூடாத இடம்

தீர்ப்புச் சொல் வேண்டாம் என்பதைப் பிடித்துக்கொண்டு ஆபத்தான வார்த்தைகளையும் மழுப்பிவிடுகிறவர்கள் உண்டு. 26:30-இல் அவள் சொன்னதை "எதிர்மறை எண்ணங்கள் வெளிப்பட்டன" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. சாவு, தற்காயம், யாராவது அடிப்பது அல்லது தொடுவது, வீட்டை விட்டுப் போவது ஆகியவற்றைப் பற்றி மாணவர் சொன்னதை மேற்கோளில், அவர் சொன்ன பேச்சு வழக்கிலேயே எழுத வேண்டும். நான் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, யாரிடம் எப்போது தெரிவித்தேன் என்பதும் வேண்டும். கேட்காததைக் கேட்டதாக எழுதக் கூடாது. "தற்கொலை எண்ணம் இல்லை" என்பது என் தீர்ப்பு. "சாகணும்னு இல்ல" என்பது அவர் பதில். இரண்டாவதைத்தான் எழுத வேண்டும்.

இதற்காகக் குறிப்பு முடியும்வரை காத்திருக்கவும் கூடாது. இரவில் இரண்டு பிள்ளைகள் பெரியவர் இல்லாமல் இருக்கலாம் என்பதே பாதுகாப்பு விஷயம். அமர்விலேயே, "இதை நான் ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்று மதியமே பேசினேன். அதற்கென்று தனிப் படிவம் உண்டு. அந்தரங்கமான இந்த அமர்வுக் குறிப்பில் தெரிவித்த நேரமும் எவரிடம் என்பதும் மட்டும்.

"அந்தரங்கம்" என்ற சொல்லை நம்பி எதையும் எழுதிவிட முடியாது. சில சூழ்நிலைகளில் பெற்றோர், நீதிமன்றம், நமக்குப் பின் வரும் ஆலோசகர், ஏன், வளர்ந்த பிறகு அந்த மாணவரே படிக்க நேரலாம். ஆசிரியரின் பெயரையோ தோழிகளின் பெயர்களையோ எழுதாமல் "வகுப்பு ஆசிரியர்", "தோழி ஒருவர்" என்று நான் நிறுத்திக்கொள்வது அதனால்தான். அவர்கள் இந்தப் பதிவுக்குச் சம்மதம் தந்தவர்கள் இல்லையே.

முதல் வரைவும் முடிவான குறிப்பும்

ஞாபகத்திலிருந்து அன்று எழுதிய வரைவு இது:

"மாணவி ஆரம்பத்தில் ஒத்துழைக்கவில்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்துவிட்டாள். ஆசிரியரை எதிர்த்துப் பேசியதை ஒப்புக்கொண்டாள். வீட்டில் அம்மா கவனிப்பதில்லை போலிருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்வதால் தூக்கமில்லையாம். மனச்சோர்வு அறிகுறிகள் உள்ளன. அறிவுரை கூறப்பட்டது."

ஏழு வரி. அதில் "அம்மா கவனிப்பதில்லை" என்பது பதிவில் எங்கும் இல்லை. இரவு வேலைக்குப் போகும் ஒரு தாயை நானே குற்றவாளியாக்கியிருந்தேன். "அறிவுரை கூறப்பட்டது" என்பதிலோ யார், என்ன என்று எதுவுமே இல்லை. பதிவைக் கேட்ட பின் எழுதியது:

"இரண்டாம் அமர்வு, 38 நிமிடம்.

சொன்னது: வகுப்பில் தூங்கியதைப் பற்றி ஆசிரியர் மற்றவர்கள் முன் கேட்டதாகவும், வகுப்பினர் சிரித்ததாகவும், தான் பதில் பேசியதாகவும் மாணவி சொன்னார். அம்மாவுக்கு இரவு வேலை என்றும், தம்பி ஒரு மணிக்கு மேல் தூங்கும்வரை தான் விழித்திருப்பதாகவும் சொன்னார். 'சில நேரம் எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது போயிடலாம்னு தோணும்' என்றார். சாவதைப் பற்றிய நினைப்பா என்று கேட்டேன். 'சாகணும்னு இல்ல. ஒரு நாள் முழுக்கத் தூங்கணும்' என்றார். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு வந்ததுண்டா என்று கேட்டதற்கு 'இல்ல' என்றார்.

கவனித்தது: வகுப்பு நிகழ்ச்சியைச் சொன்னபோது குரல் உயர்ந்தது. தம்பியைப் பற்றிப் பேசும்போது இரண்டு முறை கொட்டாவி விட்டார். தூங்கும் நேரம் பற்றிய முதல் கேள்விக்கு 4 விநாடிக்குப் பின் நானே பேச்சை மாற்றினேன்.

கணிப்பு: வகுப்பில் தூங்குவதற்கு இரவில் விழித்திருப்பது காரணமாக இருக்கலாம். உடல்நலக் காரணம் ஏதும் உண்டா என்று இன்னும் கேட்கவில்லை.

அடுத்து: இரவு நிலைமை பற்றிப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் இன்று மதியம் 1:15-க்குத் தெரிவித்தேன், தெரிவிப்பதை மாணவியிடம் முன்பே சொன்னேன். 'போயிடலாம்' என்ற நினைப்பைப் பற்றி மூன்று நாளில் மறுபடி கேட்க வேண்டும். ஆசிரியரிடம் என்ன சொல்லலாம் என்று மாணவியைக் கேட்ட பிறகே ஆசிரியரிடம் பேச வேண்டும்."

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை செய்கிறேன். மாணவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பேன். குரல் தயங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தீர்ப்புச் சொல் இருக்கும். அப்புறம், வகுப்பில் முதலாவதாக வரும், எல்லோருக்கும் பிடித்த மாணவர் இதையே செய்திருந்தால் இதே சொல்லால் எழுதியிருப்பேனா என்று பார்ப்பேன். "எதிர்த்துப் பேசினார்" என்பது அந்த இரண்டாவது சோதனையில்தான் "பதில் பேசினார்" ஆனது.

பூட்டுவதும் அழிப்பதும்

குறிப்பை அன்றே, தள்ளிப்போனால் மறுநாளே முடித்துவிடுங்கள். பிற்பாடு தவறு தெரிந்தால் பழைய வரியை அழித்து எழுதாமல், தேதியிட்டுக் கீழே திருத்தம் சேர்க்க வேண்டும். பள்ளியின் பொதுக் கோப்பில் இந்தக் குறிப்பு போகக் கூடாது. அங்கே அமர்வு நடந்த தேதி போதும். சம்மதத்தில் சொன்ன நாளில் பதிவை அழியுங்கள். போனின் குப்பைத்தொட்டியிலிருந்தும், கணினிக்கு நகல் எடுத்திருந்தால் அங்கிருந்தும். அழித்த தேதியைக் குறிப்பின் அடியில் ஒரு வரியாக எழுதி வையுங்கள், அடுத்த அமர்வில் அவள் கேட்டால் காட்டலாம்.

மூன்று நாள் கழித்து அவள் வந்தபோது காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அன்று என் தாளின் மேல் முதல் வரியாக நான் எழுதி வைத்திருந்தது: "தம்பி தூங்கிய பிறகு? கேட்டுவிட்டுக் காத்திரு."